தொப்பிக் காட்சியில் பிப் திருந்திவிட்டானா?

வாசு_ஈசூன்:
உயர்நிலை 3, 4 பிள்ளைகளுக்கு என் துணைப்பாடக் குறிப்பிலிருந்து ஒரு பகுதி. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் 27ஆம் அத்தியாயம்தான் திருப்புமுனை. பிப்பை வளர்த்த கொல்லன் ஜோ, யாரோ கொடுக்கும் பணத்தில் இப்போது கனவானாக வாழும் அவனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறான். தொப்பியை வைக்க இடம் தெரியாமல் தடுமாறுகிறான். அதைப் பார்க்கும் பிப், தன் தவற்றை அங்கேயே புரிந்துகொள்கிறான். அப்பாவிப் பையன், தவறு செய்யும் இளைஞன், புரிந்துகொண்ட மனிதன் என்ற மூன்று படிகளில் கடைசிப் படி இங்கே தொடங்குகிறது. கட்டுரையில் இதை அப்படியே எழுதலாம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கலா_மரின்பரேட்:
இருக்கிறது. 27ஆம் அத்தியாயத்தில் பிப் எதையும் புரிந்துகொள்ளவில்லை. இதைப் பிள்ளைகளுக்குக் குறிப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ஜோ வருகிறான் என்று பிப்பின் ஊர்த்தோழி பிட்டியின் கடிதம் சொல்கிறது. பிப்புக்கு மகிழ்ச்சி இல்லை. காசு கொடுத்து அவனை வராமல் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்கிறான். தன்னை வளர்த்தவனைப் பற்றிச் சொல்கிற பேச்சு இது.

வாசு_ஈசூன்:
தொடக்கத்தை யார் கேட்டார்கள் டீச்சர்? நான் சொல்வது தொப்பி விழும் இடம். அங்கே, இதெல்லாம் என் தவறு, நான் ஜோவிடம் இயல்பாக இருந்திருந்தால் அவனும் என்னிடம் இயல்பாக இருந்திருப்பான் என்று பிப்பே சொல்கிறான். இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிப் புரிந்துகொள்வான்?

கலா_மரின்பரேட்:
அந்த வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். இது என் தவறு என்று அறிகிற புத்தியோ நல்ல மனமோ அப்போது எனக்கு இருக்கவில்லை என்றுதான் அது தொடங்குகிறது. நீங்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைக் குறிப்பில் போட்டிருக்கிறீர்கள்.

இந்த நாவலில் பிப் இரண்டு பேர். நடந்ததை அனுபவிக்கிற பையன் ஒருவன். பல வருடம் கழித்து அதைச் சொல்கிற மனிதன் இன்னொருவன். ‘என் தவறு’ என்பது வயதானவனின் குரல். அறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு ஜோமேல் பொறுமை போய்விட்டது, கோபமாகக்கூட இருக்கிறது. சொல்பவனுக்கு வந்த புரிதலை எடுத்து அந்த இளைஞன் தலையில் வைத்துவிட்டால், அடுத்த முப்பது அத்தியாயங்களுக்கு வேலையே இல்லை. அவன்தான் ஏற்கெனவே திருந்திவிட்டானே, அப்புறம் எதற்குக் கதை?

வாசு_ஈசூன்:
தன் கதையைத் தானே சொல்லும் எல்லா நாவலிலும் இப்படி இரண்டு பேரைப் பிரிக்க ஆரம்பித்தால் பையன் என்ன உணர்ந்தான் என்றே எழுத முடியாது. அத்தியாயத்தின் கடைசி வரி என்ன? ஜோ போனதும் பிப் வெளியே ஓடுகிறான், பக்கத்துத் தெருக்களில் தேடுகிறான். ஓடியது வயதானவனா? ஓடியது இளைஞன். ஓடினான் என்றால் புரிந்துகொண்டான்.

ரவி_அங்கிள்:
நான் அந்த நாவல் படித்ததில்லை. ஆனால் தொப்பி விஷயம் எனக்குத் தெரியும். மகன் இப்போது கண்டோவில் இருக்கிறான். நான் போனால் செருப்பை எங்கே விடுகிறேன் என்றே பார்த்துக்கொண்டிருப்பான், அவன் நண்பர்கள் வந்திருந்தால் இன்னும் மோசம். பெற்றவர்களை மதிக்க வேண்டும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இப்படிப்பட்ட புத்தகம் நல்லதுதான். வாசு தம்பி சொல்வது சரி.

கலா_மரின்பரேட்:
ரவி அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இங்கே கேள்வி மதிப்பது பற்றி இல்லை, பிப் எப்போது மாறுகிறான் என்பது பற்றி.

வாசு, ஓடினான், சரி. 28ஆம் அத்தியாயத்தின் முதல் பத்தியைப் படித்தீர்களா? பிப் காதலிக்கும் எஸ்டெல்லா வந்திருக்கிறாள் என்ற சேதியை ஜோதான் கொண்டுவந்தான். அவளைப் பார்க்க பிப் ஊருக்குக் கிளம்புகிறான். வருத்தம் சூடாக இருக்கும்போது, ஜோ வீட்டில்தான் தங்க வேண்டும் என்று நினைக்கிறான். வண்டிக்கு இடம் பிடித்துவிட்டுத் திரும்புவதற்குள் காரணங்கள் முளைக்கின்றன. ஜோவுக்குச் சிரமம், படுக்கை தயாராக இருக்காது, எஸ்டெல்லாவை வளர்த்த மிஸ் ஹாவிஷம் வீடு தூரம் என்று. கடைசியில் புளூ போர் விடுதியில் தங்குகிறான். தன்னையே ஏமாற்றிக்கொண்டதாக வயதான பிப் அங்கே வெளிப்படையாகச் சொல்கிறான்.

எஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு, ஜோவை எட்டிக்கூடப் பார்க்காமல் லண்டன் திரும்புகிறான். திரும்பியதும் பிராயச்சித்தமாக ஒரு மீனும் ஒரு பீப்பாய் சிப்பியும் ஜோவுக்கு அனுப்புகிறான். நேரில் போகாததற்கு ஈடாம். இதுவா புரிதல்? இது குற்ற உணர்வு. குற்ற உணர்வு வந்தவன் பொருள் அனுப்புவான், புரிந்துகொண்டவன் நடத்தையை மாற்றுவான். கட்டுரையில் மாணவர்கள் தேட வேண்டியது அந்த மாற்றத்தை.

ரவி_அங்கிள்:
மீனும் சிப்பியும் என்றதும் நினைவுக்கு வந்தது. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வராமல் பெரிய பழக்கூடை அனுப்பினான்.

செந்தில்_ஜூரோங்:
1861இல் புத்தகமாக வந்த வெள்ளைக்காரப் பையன் கதைக்கு இவ்வளவு சண்டையா? நம் பிள்ளைகள் தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவின் கதையைப் படிக்கட்டும், தேக்காவில் கடை வைத்தவர் கதையைப் படிக்கட்டும். தமிழில் ஒரு பையன் வளரும் நாவலே இல்லையா?

கலா_மரின்பரேட்:
படிக்கட்டும், யார் தடுத்தார்கள்? ஆனால் ஆங்கில இலக்கிய வகுப்பில் கையில் இருக்கும் நூலைப் பற்றித்தானே எழுத முடியும். அந்தப் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

செந்தில்_ஜூரோங்:
தனி இழை தொடங்கினால் இரண்டு பேர்தான் வருகிறார்கள். ஆங்கில நூல் என்றால் எல்லாரும் வருகிறீர்கள். அதைத்தான் சொல்கிறேன்.

வாசு_ஈசூன்:
செந்தில் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டீச்சருக்கு அடுத்தவர் குறிப்பில் குறை கண்டுபிடிப்பது பழக்கம். போன வருடமும் என் கவிதைக் குறிப்பை இதே மன்றத்தில் வைத்துக் கிழித்தார். மறக்கவில்லை.

மீன் அனுப்பியதைப் பற்றி: அதுவும் ஒரு அடையாளம்தானே. மனத்தில் உறுத்தல் இல்லாதவன் மீன் அனுப்ப மாட்டான். தொப்பிக் காட்சிக்கு முன்னால் பிப் எதையும் அனுப்பியதில்லை. ஆக, புரிதல் அங்கே தொடங்கிவிட்டது.

கலா_மரின்பரேட்:
உறுத்தல் முன்பும் இருந்தது. முதல்முறை மிஸ் ஹாவிஷம் வீட்டுக்குப் போய்வந்து, கறுப்பு வெல்வெட் வண்டி, வெள்ளிக் கூடையில் இறைச்சி தின்னும் நாய்கள் என்று பொய் அளக்கிறான் சின்னப் பிப். அன்று இரவே ஜோவிடம் போய் எல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்கிறான். என் கைகள் முரடு, காலணி தடித்தது என்று எஸ்டெல்லா சொன்னாள், அதனால்தான் என்கிறான். உறுத்தல்தான் புரிதல் என்றால் அவன் சிறுவயதிலேயே புரிந்துகொண்டவன். உண்மையில் அங்கேதான் அப்பாவித்தனம் உடைகிறது. தன் கையைத் தானே முதல்முறை வெட்கத்தோடு பார்க்கிறான். அதன் பிறகு வரும் தவறுகள் எல்லாம் அந்த வெட்கத்திலிருந்து கிளைத்தவை. தொப்பிக் காட்சியும் அதில் ஒன்று.

நித்யா_உ3:
வணக்கம். எனக்கு வெள்ளிக்கிழமை தேர்வு. 27 இல்லை என்றால் எந்த அத்தியாயம் என்று எழுதுவது? எங்கள் வகுப்பில் சிலர் 39 என்கிறார்கள், கைதி மாக்விட்ச் இரவில் வந்து, பிப்புக்குப் பணம் கொடுத்தது நான்தான் என்று சொல்லும் இடம்.

கலா_மரின்பரேட்:
நித்யா, 39ஐ எழுதலாம், ஆனால் கவனமாக. அங்கே பிப்புக்கு உண்மை தெரிகிறது. பணம் மிஸ் ஹாவிஷமுடையது இல்லை, சிறுவயதில் கல்லறைத் தோட்டத்தில் சந்தித்து, தான் உணவும் அரமும் திருடிக் கொடுத்த கைதியுடையது என்று. இந்தக் கைதிக்காகவா ஜோவை விட்டுவந்தேன் என்று வலிக்கவும் செய்கிறது. ஆனால் எதிரில் நிற்கும் மாக்விட்சை அவனால் சகிக்க முடியவில்லை, தொட்டால் உடம்பு கூசுகிறது. உண்மை தெரிந்துவிட்டது, பார்வை மாறவில்லை.

பார்வை மாறுவது 54இல். மாக்விட்சைக் கப்பலேற்றித் தப்பவைக்கும் முயற்சி தேம்ஸ் நதியில் தோற்றுப்போகிறது. அவன் காயப்பட்டு, விலங்கோடு கிடக்கிறான். பிப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறான். வெறுப்பு கரைந்துவிட்டது என்கிறான். அங்கே அவன் சொல்லும் ஒரு காரணத்தைக் கட்டாயம் எழுது: ஜோவிடம் நான் நடந்துகொண்டதைவிட இந்த மனிதன் என்னிடம் எவ்வளவோ நல்லவனாக இருந்தான் என்று பார்க்கிறான். கைதியைப் பார்க்கும்போது ஜோ நினைவுக்கு வருகிறான். தொப்பிக் காட்சியில் வர வேண்டியது இங்கேதான் வருகிறது.

இன்னொன்று. மேற்கோளைப் போடுவதற்கு முன், இதைச் சொல்வது அந்த நேரத்துப் பிப்பா, பின்னால் சொல்லும் பிப்பா என்று ஒருமுறை கேட்டுக்கொள். ‘அப்போது எனக்குத் தெரியவில்லை’ என்கிற மாதிரி வரிகள் வந்தால் அது பின்னவன்.

வாசு_ஈசூன்:
54இல் எல்லாம் முடிந்துவிட்டதா? அப்படியென்றால் அதற்குப் பிறகு நோயிலிருந்து எழுந்தவன், பிட்டி தனக்காகக் காத்திருப்பாள் என்று நம்பி ஊருக்குப் போகிறானே, அது என்ன? போய்ப் பார்த்தால் அன்றுதான் அவளுக்கும் ஜோவுக்கும் கல்யாணம். உங்கள் ‘புரிந்துகொண்ட’ பிப் அங்கேயும் தவறாகத்தானே நினைக்கிறான்?

கலா_மரின்பரேட்:
நல்ல கேள்வி, ஆனால் அது உங்கள் 27க்கு உதவாது. பிட்டி விஷயத்தில் அவன் நினைத்தது தவறு, நடந்துகொண்ட விதம் தவறில்லை. கல்யாணச் செய்தியைக் கேட்டதும் இருவரையும் வாழ்த்துகிறான், இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறான். நோயில் கிடந்தபோது தன் கடனை ஜோ அடைத்துவிட்டுப் போனது தெரிந்து, இந்த முறை மீன் அனுப்பாமல் நேரில் போகிறான். புளூ போர் விடுதியையும் இந்தப் பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே வித்தியாசம் தெரியும்.

வாசு_ஈசூன்:
இந்த முறையும் அவன் புளூ போர் விடுதியில்தான் தங்குகிறான் டீச்சர். 58ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள்.

கலா_மரின்பரேட்:
தங்குகிறான். அங்கே இப்போது அவனுக்கு மரியாதை குறைந்துவிட்டது, சுமாரான அறைதான் கொடுக்கிறார்கள். காலையில் ஜோ வீட்டுக்குப் போகிறான். முதல்முறை போகவில்லை. நான் கேட்பது அது.

நித்யா_உ3:
அப்படியென்றால் 27ஐ எழுதவே கூடாதா? நான் அதற்குத்தான் மேற்கோள் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

கலா_மரின்பரேட்:
எழுது. தவறு என்ற படிக்குச் சான்றாக எழுது. மேற்கோளை ‘அப்போது எனக்கு இருக்கவில்லை’ என்ற பகுதியோடு சேர்த்து எழுது.

வாசு_ஈசூன்:
நித்யா, தொடக்கம் என்று எழுதினாலும் தவறில்லை. அவன் தெருவில் ஓடினான். அதை யாரும் மறுக்கவில்லை.

செந்தில்_ஜூரோங்:
தமிழ் நாவல் இழை தொடங்கிவிட்டேன். இதில் எழுதியவர்களில் ஒருவராவது வாருங்கள்.

கலா_மரின்பரேட்:
ஓடியதை மறுக்கவில்லை வாசு. குறிப்பைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா?

வாசு_ஈசூன்:
மாட்டேன்.