குழுப்படத்தில் உடையை மட்டும் மாற்ற வேண்டும், ஆனால் முகங்களும் மாறிவிடுகின்றன: உதவி தேவை

ஸ்கார்பரோ பேத்தி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் அம்மம்மாவுக்கு அடுத்த மாதம் 80 வயது நிறைகிறது. கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று மூன்று நாடுகளில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேரும் கடந்த கோடையில் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒன்றுகூடியபோது ஒரு படம் எடுத்தோம். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், முன்னால் மூன்று பேர் முழங்காலிட்டிருக்கிறார்கள், தலைக்கு மேலே "அம்மம்மாவுக்கு வாழ்த்து" என்று எழுதிய துணிப்பதாகை கட்டியிருக்கிறது. எல்லோரும் ஜீன்ஸும் டீ-சேர்ட்டும் அணிந்திருந்தோம்.

"ஒருநாளாவது உங்கள் எல்லோரையும் சேலை, வேட்டியோடு ஒன்றாகப் பார்க்க வேண்டும்" என்று அம்மம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். இனி ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை கிடைக்காது. ஆகவே செயற்கை நுண்ணறிவுப் படக்கருவி ஒன்றில் அந்தப் படத்தைக் கொடுத்து, எல்லோருக்கும் பாரம்பரிய உடை அணிவிக்கச் சொன்னேன். முதல் தடவை ஆண்கள் நால்வருக்கும் ஷெர்வானியும் பெண்களுக்கு லெஹங்காவும் வந்தன. வேட்டி, சால்வை, பட்டுச்சேலை என்று விளக்கமாக எழுதிய பிறகு உடை ஓரளவு சரியானது. ஆனால் லண்டன் மச்சானின் முகம் அவருடைய முகமாக இல்லை. ஏழு வயதுத் தங்கைக்குப் பன்னிரண்டு வயது போலத் தோன்றுகிறது. பதாகையில் இருந்த "வாழ்த்து" எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாகிவிட்டது. சேலை கட்டிய நால்வரில் இருவருக்கு முந்தானை வலது தோளில் இருக்கிறது.

பெரியம்மா பன்னிரண்டு நாட்களில் ஊருக்குப் போகிறார். 18 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட படமாக அச்சிட்டு, சட்டம் போட்டு அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். மூலப் படத்தையும் கருவி தந்த படத்தையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

வளவன்

முந்தானை வலது தோளில் வந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள். முன்பக்கக் கேமராவில் எடுத்த படங்கள் சில தொலைபேசிகளில் அப்படித்தான் சேமிக்கப்படும். படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். முகங்கள் தெளிவில்லாமல் இருந்தால் படத்தைப் பெரிதாக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

நிழற்படக்காரர்

வளவன் சொல்லும் காரணம் பல படங்களுக்குப் பொருந்தும், இந்தப் படத்துக்குப் பொருந்தாது. மூலப் படத்தில் பதாகை எழுத்துகள் நேராகத்தான் இருக்கின்றன, ஆகவே அது கண்ணாடிப் பிம்பம் அல்ல. திருப்பினால் இப்போது தவறாக இருக்கும் இருவர் சரியாகி, சரியாக இருக்கும் இருவர் தவறாகிவிடுவார்கள். குஜராத்தி முறையில் முந்தானையைப் பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் விடுவதுண்டு. கருவி அதையும் நம் முறையையும் கலந்து வரைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முகம் ஏன் மாறியது என்பதற்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் கருவிக்குக் கொடுத்த கோப்பின் பெயர் என்ன, அகலமும் உயரமும் எத்தனை புள்ளிகள்?

ஸ்கார்பரோ பேத்தி

பெயரின் கடைசியில் `WA0007` என்று இருக்கிறது. அளவு 1600 × 1200. கருவி திருப்பித் தந்தது 1536 × 1024.

நிழற்படக்காரர்

அப்படியானால் அது வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து, சுருக்கப்பட்ட படி. எடுத்தவரின் தொலைபேசியில் இருக்கும் மூலப் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஒன்பது பேர் நிற்கும் 1600 புள்ளி அகலப் படத்தில் ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 80 புள்ளிகள்தான் கிடைக்கும். இத்தகைய கருவிகளில் பல, உடையை மட்டும் மாற்றச் சொன்னாலும் படம் முழுவதையும் புதிதாக வரைகின்றன. 80 புள்ளியில் மச்சானின் மூக்கும் கண்ணோரச் சுருக்கமும் போதிய விவரத்தோடு இல்லாததால், கருவி தனக்குப் பழகிய ஒரு பொதுவான முகத்தை வைத்துவிடுகிறது. வந்த படத்தைப் பிறகு எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அந்தப் பொதுவான முகம்தான் கூர்மையாகத் தெரியுமே தவிர, மச்சான் திரும்பி வரமாட்டார்.

ஆகவே முகத்தைக் கருவியிடமிருந்து எடுக்கவே கூடாது. உடையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாம் மூலப் படத்தில் இருப்பதாகவே இருக்கட்டும்.

அண்ணாநகர் ஸ்டுடியோ

நாங்கள் கடவுச்சீட்டுப் படங்களுக்குக் கோட் மாட்டுவது போலச் செய்யலாம். வேட்டி சட்டை, பட்டுச்சேலை எல்லாவற்றுக்கும் ஆயத்த மாதிரிக் கோப்புகள் கிடைக்கும். தலையை வெட்டி அதன் மேல் பொருத்தினால் அரை மணி நேர வேலை. எங்கள் தாத்தாவின் 1974ஆம் ஆண்டுப் படத்துக்கும் அப்படித்தான் சட்டை போட்டோம். அது கறுப்பு வெள்ளைப் படம், இப்போது வண்ணமாக்க நினைக்கிறேன், அதற்கும் யாராவது வழி சொல்ல முடியுமா?

நிழற்படக்காரர்

நேராக நின்று, மார்பளவு தெரியும் ஒருவருக்கு உங்கள் முறை நன்றாகப் பொருந்தும். இங்கே ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டிருக்கிறார்கள், உடல்கள் சற்றுச் சாய்ந்திருக்கின்றன, வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. ஆயத்தச் சேலையில் அந்த நிழல் இருக்காது, தோளில் கிடக்கும் கையும் துணிக்குப் பின்னால் போய்விடும். தாத்தா படத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

ஸ்கார்பரோ பேத்தி

மூலப் படம் கிடைத்தது. 4000 × 3000. இப்போது முகம் ஒன்றுக்கு 200 புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் கருவி மறுபடியும் 1536 அகலத்தில்தான் திருப்பித் தருகிறது.

நிழற்படக்காரர்

முழுப் படத்தையும் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும், அந்த 200 மறுபடி 77 ஆகிவிடும். ஒவ்வொருவராக வெட்டிக் கொடுங்கள். கருவி தரும் அளவிலேயே, அதாவது 1024 × 1536 புள்ளிகளில் வெட்டினால் எதுவும் சுருங்காது. பக்கத்தில் நிற்பவரின் தோளும் வெயிலும் துண்டுக்குள் இருப்பதால் நிழலும் பொருந்தி வரும். பின்வரிசையில் நடுவே நிற்கும் ஒருவருக்கு, ImageMagick என்ற கட்டளைக் கருவியில் இப்படி:

```
magick moolam.jpg -auto-orient moolam.png
magick moolam.png -crop 1024x1536+1480+900 +repage thundu.png
```

1480 இடமிருந்தும் 900 மேலிருந்தும் எண்ணிய புள்ளிகள். இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தை GIMP என்ற படத்திருத்தச் செயலியில் திறந்து, உடை மாற்றிய துண்டை அதன் மேல் தனி அடுக்காகத் திறந்து அதே இடத்தில் வைத்து, `Add Layer Mask` கொடுத்து முகமூடியைக் கறுப்பாக்குங்கள். புதிய உடை முழுவதும் மறைந்து மூலப் படம் தெரியும். அதன் பிறகு மென்மையான தூரிகையால் துணி இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை தீட்டினால், தீட்டிய இடத்தில் சேலை வெளிவரும். முகத்தையும் பதாகையையும் நீங்கள் தொடவே மாட்டீர்கள், எனவே அவை மாறவும் மாட்டா.

கழுத்துதான் கடினம். டீ-சேர்ட் மறைத்திருந்த கழுத்து, ரவிக்கையில் வெளியே தெரியும், அந்தத் தோல் கருவி வரைந்ததுதான். மூலத் தோலும் புதிய தோலும் சேரும் கோட்டைக் கழுத்தின் நடுவில் விடாமல், தாடைக்குக் கீழே விழும் நிழலுக்குள் கொண்டுபோய் வையுங்கள், அங்கே நிற வேறுபாடு கண்ணில் படாது. தோளில் கூந்தல் விரிந்திருந்தால் முடிக்கற்றைகளுக்கு நடுவே பழைய டீ-சேர்ட் நிறம் தெரியும். அப்படிப்பட்டவருக்குக் காதுக்குக் கீழேயுள்ள முடியைக் கருவி வரைந்ததிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சேலை கட்டும் அக்கா

நான் கல்யாண வீடுகளில் சேலை கட்டிவிடுபவள், கணினி வேலை எனக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்தில் பட்டாகத் தெரிவது கிட்டப் பார்த்தால் சேலையாக இல்லை. கரை, இடுப்புக்கு வரும்போது மறைந்துவிடுகிறது. கொசுவ மடிப்பு கட்டியவரின் இடப்பக்கம் திரும்பாமல் நடுவே இரண்டாகப் பிரிகிறது. முந்தானையில் மாங்காய் என்று நினைத்தது வெறும் பொன்னிறப் புள்ளிகள். சேலை கட்டி வாழ்ந்த 80 வயதுப் பெண் இதைத்தான் முதலில் பார்ப்பார். அந்தப் பிள்ளைகளிடம் சொந்தச் சேலை எதுவும் இல்லையா?

ஸ்கார்பரோ பேத்தி

இருக்கிறது, அக்கா. இதை நான் யோசிக்கவே இல்லை. அம்மம்மா தன்னுடைய சேலைகளில் ஒன்றொன்றை நாங்கள் புறப்படும்போது கொடுத்தனுப்பியிருந்தார். என்னிடம் அரக்கு நிறச் சேலை, மெல்போர்ன் மச்சாளிடம் மயில்கழுத்து நிறச் சேலை இருக்கிறது. லண்டன் அக்கா தன்னுடையதைக் கட்டியதே இல்லை என்றார். மற்றத் தங்கையின் சேலை அவள் அம்மா வீட்டில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது.

சேலை கட்டும் அக்கா

அப்படியென்றால் அந்த மூவரும் வீட்டில் கட்டி நின்று தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பட்டும்.

நிழற்படக்காரர்

இது என் முறையைவிட நல்லது. மூலப் படத்தில் வெயில் இடப்பக்கம் என்பதால், படத்தில் இடப்பக்கம் வருமாறு சன்னலை வைத்து நில்லுங்கள். எடுப்பவர் தொலைபேசியை மார்பு உயரத்தில் பிடித்து, மூலப் படம் எடுத்த அளவு தூரத்துக்குப் பின்னால் போகட்டும், நீங்கள் மூலப் படத்தில் எப்படிச் சாய்ந்திருக்கிறீர்களோ அப்படியே சாயுங்கள். மிக அருகில் எடுத்தால் தோள் அகலமாகி, தலைக்குப் பொருந்தாது. சேர்த்த பிறகு, தோளில் கிடக்கும் மற்றவரின் கைக்குக் கீழே புதிய அடுக்கு ஒன்றை `Multiply` முறையில் வைத்து மெல்லிய நிழல் தீட்டுங்கள், இல்லாவிட்டால் கை மிதப்பது போலத் தெரியும்.

வளவன்

திருப்பிப் பார்க்கும் யோசனை தவறுதான், பதாகையை நான் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் படம் உண்மையில் எடுத்ததல்ல என்று பாட்டியிடம் சொல்வீர்களா? பேரப்பிள்ளைகள் எல்லோரும் தாம் கொடுத்த சேலையைக் கட்டிக் கூடினார்கள் என்று அவர் அயலவர்களிடம் சொல்லி மகிழ்ந்த பிறகு உண்மை தெரிந்தால் மனம் வருந்தாதா?

சேலை கட்டும் அக்கா

கட்டியது உண்மைதானே, தம்பி. வேறு வேறு வீடுகளில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

வளவன்

மூன்று பேர் கட்டினார்கள். மற்ற ஆறு பேர்?

ஸ்கார்பரோ பேத்தி

வளவன் அண்ணா கேட்டதைக் குடும்பக் குழுவில் போட்டேன். லண்டன் மச்சான் சொல்ல வேண்டும் என்கிறார், மற்றவர்கள் பிறந்தநாள் முடியட்டும் என்கிறார்கள்.

வேலையில் இப்போது ஒரு தடங்கல்தான் மீதி. முன்வரிசையில் முழங்காலிட்டிருக்கும் மூவரில் இருவர் ஆண்கள். எத்தனை தடவை முயன்றாலும் முழங்காலில் வேட்டி மடித்து வைத்த அட்டை போல வருகிறது, கீழே ஓட்டச் சப்பாத்தும் தெரிகிறது.

நிழற்படக்காரர்

உங்கள் படம் நான்குக்கு மூன்று, அச்சுத் தாள் மூன்றுக்கு இரண்டு. 4000 அகலத்தை அப்படியே வைத்தால் உயரம் 2667 ஆக வேண்டும், எப்படியும் 333 புள்ளிகளை வெட்டத்தான் வேண்டும். மேலே பதாகையைத் தொடாமல், 333-ஐயும் அடியிலிருந்தே எடுங்கள். முழங்காலும் சப்பாத்தும் போய்விடும். 18 அங்குலத்துக்கு அங்குலம் ஒன்றுக்கு 222 புள்ளிகள் மிஞ்சும், சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும். பெரிய அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆறுக்கு நான்கு அளவில் ஒன்று அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையில் தெரியாத நிறக்கோடு தாளில் தெரியும்.

ஸ்கார்பரோ பேத்தி

சிறிய அச்சை நேற்று எடுத்தோம். சன்னலருகே பிடித்தபோது மெல்போர்ன் மச்சாளின் கழுத்தில் மெல்லிய வளையம் போல ஒரு கோடு தெரிந்தது. கோட்டைத் தாடை நிழலுக்கு உயர்த்தினேன், இப்போது இல்லை. அவளுடைய சேலை மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாகத் தெரிகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். தங்கையின் பாவாடை சட்டை கருவி வரைந்ததுதான், ஆனால் முகத்தில் ஏழு வயது திரும்பிவிட்டது, முன்பல் விழுந்த இடைவெளியும் இருக்கிறது.

சிறிய அச்சைப் பெரியம்மாவிடம் காட்டினேன், எதையும் விளக்கவில்லை. மயில்கழுத்துச் சேலையின் முந்தானையில் விரலை வைத்து, "இது அம்மா என் கலியாணத்துக்குக் கட்டியது" என்றார். அது மெல்போர்ன் மச்சாளுக்குக்கூடத் தெரியாது. பெரிய அச்சு வியாழக்கிழமை கைக்கு வரும். பின்புறத்தில் எந்த நாட்டில் யார் எப்போது எடுத்தது என்று எழுதுவதா என்பதை ஒன்பது பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.