25,000 ரூபாய்தான் இருக்கிறது, மேக்கப் கிட்டில் எதை முதலில் வாங்குவது?

வத்தலக்குண்டு செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் மூன்று மாத பிரைடல் மேக்கப் கோர்ஸ் முடித்திருக்கிறேன். பார்லர் வைக்கிற எண்ணம் இல்லை. வீட்டுக்கோ மண்டபத்துக்கோ போய் மேக்கப் போட்டுவிட்டு வருகிற வேலைதான் செய்யப் போகிறேன். கையில் இருப்பது 25,000 ரூபாய்.

படித்த இடத்திலேயே ‘முழு கிட்’ என்று ஒரு பெட்டி தருகிறார்கள். விலை 38,000, தவணையும் உண்டு. அதில் 8 ஃபவுண்டேஷன், 120 கலர் ஐ ஷேடோ, 32 பிரஷ், இன்னும் என்னென்னமோ இருக்கிறது. தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், 6,000 ரூபாய்க்குப் பேசியாகிவிட்டது. அதற்குள் கிட் தயாராக வேண்டும். கடன் வாங்கியாவது அந்தப் பெட்டியை எடுக்கவா?

இன்னொரு பிரச்சினை. பழகுவதற்காக என் சித்தி மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. அறைக்குள் நன்றாகத்தான் தெரிந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால் வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழேயும் சாம்பல் பூசியது போல் இருக்கிறது. கோர்ஸில் மேடம் முகத்துக்குப் போட்ட அதே ஷேடைத்தான் போட்டேன். எங்கே தவறுகிறது?

ரேவா மேக்ஓவர்ஸ், கோவை:
அந்தப் பெட்டி வேண்டாம் செல்வி. ஆனால் கடன் வாங்குவதில் தப்பில்லை. எல்லாமே பெரிய பிராண்டாக வாங்குங்கள். இந்தக் காலத்துப் பொண்ணுங்க என்ன பிராண்ட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிட்டை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாலே புக்கிங் வரும். சாம்பல் நிறத்துக்குக் காரணம் பவுடர். குறைத்துப் போடுங்கள், சரியாகிவிடும்.

மீனாட்சி அம்மா:
மேக்கப்புக்கு 25,000 ரூபாயா? என் மகளுக்குத் தையில் கல்யாணம். எங்கள் ஊரில் புடவை கட்டி, ஜடை பின்னி, எல்லாம் சேர்த்தே அதில் பாதிதான் கேட்கிறார்கள். கொஞ்சம் குறைத்துச் சொல்லும்மா.

வத்தலக்குண்டு செல்வி:
அம்மா, அது நான் கேட்கிற கூலி இல்லை, என்னிடம் இருக்கிற சேமிப்பு. தை மாதம் தேதி சொல்லுங்கள், தனியாகப் பேசலாம்.

சாந்தி, மதுரை:
செல்வி, முதலில் அந்தச் சாம்பலைப் பார்ப்போம். அது புரிந்தால் எதை வாங்குவது என்பதும் பாதி முடிவாகிவிடும்.

நம் பெண்களுக்கு வாயோரமும் கண்ணுக்குக் கீழேயும் முகத்தின் மற்ற இடங்களைவிடக் கறுத்திருக்கும். அந்தக் கருமையின் மேல் வெளிர் ஃபவுண்டேஷனை நேராகப் பூசினால் இரண்டும் கலந்து சாம்பலாகத்தான் தெரியும். எவ்வளவு கனமாகப் போட்டாலும் மறையாது, இன்னும் மோசமாகும். முதலில் ஆரஞ்சு கரெக்டர் போட வேண்டும். கறுத்த இடத்தில் மட்டும், மெல்லிசாக, விரலால் தட்டித் தட்டி. அதற்கு மேல்தான் ஃபவுண்டேஷன். உங்கள் மேடம் வெளுப்பாக இருந்தால் அவருக்குக் கரெக்டர் இல்லாமலே சமாளித்திருக்கலாம்.

ரேவா சொன்ன பவுடரும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். சித்தி மகளை மறுபடி உட்கார வையுங்கள். முகத்தின் ஒரு பக்கம் கரெக்டர் போட்டு ஃபவுண்டேஷன், மறுபக்கம் வெறும் ஃபவுண்டேஷன். பவுடரைத் தொடாமல் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதே கன்னம், தாடை எல்லாம் சாம்பலாக இருந்தால் ஷேடே தப்பு. கரெக்டர் போடாத பக்கத்தில் கண்ணும் வாயும் மட்டும் சாம்பல் என்றால் கரெக்டர்தான் குறை. இரண்டு பக்கமும் நன்றாக இருந்து, பவுடர் போட்ட பிறகு வெளுத்தால் குற்றம் பவுடருடையது.

வத்தலக்குண்டு செல்வி:
அக்கா, இன்று மதியம் செய்து பார்த்தேன். என்னிடம் ஆரஞ்சு கரெக்டர் இல்லை, பக்கத்துத் தெரு பார்லர் அக்காவிடம் கொஞ்சம் வாங்கினேன். கரெக்டர் போட்ட பக்கம் வாயோரம் சுத்தமாக இருந்தது. ஆனால் தாடை இரண்டு பக்கமும் லேசாக ரோஸ் கலந்த வெளுப்பாகவே தெரிந்தது. பவுடர் போட்டதும் முகம் முழுக்க இன்னும் வெளுத்தது. அப்படியென்றால் மூன்றுமே தப்பா?

சாந்தி, மதுரை:
ஆமாம், மூன்றும் சேர்ந்திருக்கிறது. ரோஸ் சாயல் உள்ள ஷேடை விட்டு மஞ்சள் சாயல் உள்ளதை எடுங்கள். வெள்ளை லூஸ் பவுடருக்குப் பதில் மஞ்சள் கலந்தது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதுதான் உட்காரும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். 8 ஃபவுண்டேஷன் என்றீர்களே, அதில் எத்தனை ஷேட் உங்கள் ஊர் முகங்களுக்கு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் வெளிர் ஷேடாகத்தான் இருக்கும். திறந்த க்ரீமுக்கு ஆயுசு குறைவு. டப்பாவில் மூடி திறந்த சின்னப் படத்துக்குள் 12 என்று போட்டிருந்தால், திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான். மாதம் ஒரு கல்யாணம் செய்கிறவருக்கு எட்டும் தீராமலே கெட்டுப்போகும். 120 கலரும் அப்படித்தான். பட்டுப்புடவைக்குப் பழுப்பு, மெரூன், செம்பு, தங்கம், கறுப்பு, இவை இருந்தால் போதும். நீலத்தையும் பச்சையையும் யாரும் தொடப்போவதில்லை.

ஃபவுண்டேஷன் மூன்று போதும். மாநிறத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, வெளிர் ஒன்று. ஸ்டீல் தட்டில் கலந்தால் நடுவில் வருகிற எந்த முகத்துக்கும் நிறம் கிடைக்கும். க்ரையோலன் டிவி பெயிண்ட் ஸ்டிக்கைப் பலர் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், நன்றாகக் கலக்கும். ஒரு ஸ்டிக் 25 கிராம். மணப்பெண்ணுக்கு முகம், கழுத்து சேர்த்து ஏறக்குறைய 2 கிராம் போகும். மூன்றையும் கலந்து பயன்படுத்தும்போது நிறைய முகங்களுக்கு வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். ஃபவுண்டேஷன், கரெக்டர், கன்சீலர், பவுடர், ஃபிக்சர் எல்லாவற்றுக்கும் 9,000. நல்ல பிரஷ் பத்துப் பன்னிரண்டு, 3,000. கண்ணுக்கும் உதட்டுக்கும் 4,500. ஹேர்பின், ஸ்ப்ரே, கர்லிங் ராட், சேஃப்டி பின் 3,000. சுத்தத்துக்கு 1,000. மீதி 4,500 பணமாகவே இருக்கட்டும். தீர்ந்ததை மறுபடி வாங்க, வண்டிக்குக் கொடுக்க அது வேண்டும். செட் நகை வாங்காதீர்கள், வாடகைக்குக் கிடைக்கும்.

காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால், ஐ ஷேடோவிலும் ப்ளஷ்ஷிலும் பிடிக்கலாம். உள்ளூர் பிராண்டே நன்றாக இருக்கிறது. மை, ஐலைனர், மஸ்காரா மூன்றும் மட்டும் வாட்டர் ப்ரூஃப் நல்லதாக இருக்க வேண்டும். ஹோமப் புகையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எந்தப் பெண்ணுக்கும் கண்ணீர் வரும், மை கன்னத்துக்கு இறங்கிவிடும்.

பெரிய பிராண்டை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பொருளின் அட்டையில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண், பேட்ச் எண் எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முருகன் ஸ்டுடியோ:
நான் கல்யாண போட்டோகிராபர். மேக்கப் தெரியாது, ஆனால் அந்த வெள்ளைப் பவுடர் பற்றி ஒன்று சொல்கிறேன். நேரில் ஒழுங்காகத் தெரியும், ஃப்ளாஷ் அடித்தால் கண்ணுக்குக் கீழே வெள்ளை வட்டமாக எரியும். ஆல்பத்தில் அதைச் சரிசெய்வதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால் ரூம் லைட்டை அணைத்துவிட்டு போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எஸ்.பி.எஃப். அதிகமுள்ள க்ரீமும் இதே வேலை செய்யும். கழுத்தையும் மறந்துவிடாதீர்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்றுதான் பாதிப் படங்கள் வருகின்றன.

ரேவா மேக்ஓவர்ஸ், கோவை:
சாந்தி அக்கா சொல்வது சரி, ஆனால் பிராண்ட் கேட்கிற க்ளையன்ட் கேட்கத்தான் செய்வார்கள். கோவையில் உள்ளூர் லிப்ஸ்டிக்கை எடுத்து வைத்தாலே முகம் மாறுகிறது.

சாந்தி, மதுரை:
கோவை க்ளையன்ட் வேறு, வத்தலக்குண்டு க்ளையன்ட் வேறு ரேவா. இங்கே மாமியார் வீட்டார் கேட்கிற ஒரே கேள்வி, “பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுவீங்களா?” செல்வி, அதற்கும் தயாராக இருங்கள். கழுத்தின் நிறத்தைத் தாண்டி முகத்தை வெளுக்க வைக்காதீர்கள், சாம்பல் திரும்பவும் வரும். நெற்றியின் நடு, மூக்குத்தண்டு, கண்ணுக்குக் கீழ், இங்கே மட்டும் கன்சீலரை அரை ஷேட் வெளிச்சமாக வையுங்கள். ஓரமெல்லாம் அவள் நிறமே இருக்கட்டும். பளிச்சென்று இருக்கிறாள் என்பார்கள், வேஷம் போட்டமாதிரி இருக்காது. மாலை உராய்கிற இடத்தில் கழுத்துக்கு மெல்லிசாகப் போடுங்கள், இல்லையென்றால் ஜாக்கெட்டில் இறங்கிவிடும்.

நாகை தம்பி:
அக்கா, முத்ரா கடனில் ‘சிசு’ என்ற பிரிவில் 50,000 வரை ஈடு இல்லாமல் தருகிறார்கள். என் அண்ணி தையல் மெஷினுக்கு வாங்கினார். பேங்கில் கேட்டுப் பாருங்கள்.

வத்தலக்குண்டு செல்வி:
நன்றி தம்பி. ஆனால் இப்போது கடன் வேண்டாம் என்று தோன்றுகிறது, பெட்டியையும் விட்டுவிட்டேன். சாந்தி அக்கா, சுத்தத்துக்கு 1,000 என்றீர்களே, எதற்கு அவ்வளவு?

சாந்தி, மதுரை:
அதைக் குறைக்காதீர்கள். மணப்பெண்ணுக்கு முடித்த பிரஷிலேயே அவள் அக்காவுக்கும் அம்மாவுக்கும் போடச் சொல்வார்கள். 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். 99 சதவீதம் உசத்தி என்று கடையில் சொல்வார்கள், ஆனால் அது சட்டென்று ஆவியாகிவிடும், கிருமியைக் கொல்லக் கொஞ்சம் தண்ணீரும் நேரமும் வேண்டும். க்ரீம் ஒட்டிய பிரஷுக்கு அதுவும் போதாது, சோப்பு போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். அதனால் ஃபவுண்டேஷன் பிரஷ் மட்டும் இரண்டு வைத்திருங்கள். லிப்ஸ்டிக்கை ஸ்பேட்டுலாவால் சுரண்டித் தட்டில் எடுத்துத்தான் போட வேண்டும். மஸ்காராவுக்குத் தூக்கிப்போடுகிற குச்சி, ஒருமுறை கண்ணில் பட்டது டியூபுக்குள் திரும்பப் போகக்கூடாது. இமை ஒட்டுகிற பசையை முந்தின நாளே கையில் தடவிப் பாருங்கள், சிலருக்கு வீங்கும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த 6,000 முகூர்த்தத்துக்கு மட்டுமா, முந்தின நாள் ரிசப்ஷனும் சேர்த்தா?

வத்தலக்குண்டு செல்வி:
அவர்கள் இரண்டும் சேர்த்துத்தான் நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது அக்கா. நான் தனித்தனியாகச் சொல்லவில்லை.

சாந்தி, மதுரை:
அப்படியானால் இரண்டு மேக்கப், இரண்டு தலை அலங்காரம், இரண்டு புடவை. முகூர்த்தம் ஆறு மணி என்றால் மூன்று மணிக்கே பெண்ணை உட்கார வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது, இரவே மண்டபத்தில் தங்க வேண்டும், இல்லையென்றால் கார். பொருளுக்கு 700, 800 ஆகும், வண்டி அதைவிட அதிகமாகும். இன்றைக்கே போன் போட்டுத் தெளிவாகப் பேசுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள்.

ரேவா மேக்ஓவர்ஸ், கோவை:
முதல் கல்யாணம், தெரிந்த வீடு. இப்போது விலையை ஏற்றினால் கைவிட்டுப் போகும் செல்வி. நான் 6,000-க்கே இரண்டையும் செய்துகொடுத்து போட்டோ வாங்கிக்கொள்வேன்.

வத்தலக்குண்டு செல்வி:
விலையை ஏற்றாமல் வண்டிச் செலவை மட்டும் தனியாகக் கேட்கலாமா? நாளை பேசப் போகிறேன். அக்கா, மஞ்சள் கலந்த பவுடரில் ஒன்று பெயர் சொல்லுங்கள், சனிக்கிழமை திண்டுக்கல் போகிறேன்.