ரிசர்வார் ஹில்ஸ் வீடு: தரகரைப் பற்றிய என் மதிப்பீடும் அவர் இப்போது கேட்கும் 24,000 ராண்டும்

டர்பனுக்குப் புதியவன்

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் எனக்கு வீடு வாங்கிக் கொடுத்த தரகரைப் பற்றி, அடுத்து வாங்கவிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். அவருடைய பெயரையும் நிறுவனத்தையும் குறிப்பிட விரும்பவில்லை. கூடவே ஓர் அவசரக் கேள்வியும் இருக்கிறது.

அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீடுகளைப் பொறுமையாகக் காட்டினார். வங்கிக் கடனுக்கான காகிதங்களையும் அலையாமல் முடித்துக் கொடுத்தார். ரிசர்வார் ஹில்ஸில் சரிவான மனையில் அமைந்த வீடு அது. விலை 16 லட்சம் ராண்ட். பின்புறம் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் புதிதாகப் பூசப்பட்டு, வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. ஏன் புதுப்பூச்சு என்று கேட்டதற்கு, விற்பனைக்கு முன் எல்லோரும் செய்வதுதான் என்றார். முதல் பெருமழையிலேயே அந்தச் சுவரில் குறுக்காக விரிசல் ஓடி, நீர் கசியத் தொடங்கிவிட்டது. அதை ஒட்டியுள்ள தனி அறைக்கு மாநகராட்சி அனுமதி பெற்ற வரைபடமே இல்லை என்பதும் இப்போதுதான் தெரிகிறது. கேட்டால், "நான் வாய்மொழியாகச் சொன்னேனே" என்கிறார்.

இத்தனைக்கும் மேலாக, வாங்கியவர் பங்காக ஒன்றரை விழுக்காடு, அதாவது 24,000 ராண்ட், ரொக்கமாகத் தர வேண்டும் என்று கேட்கிறார். பணம் கேட்கும்போது மட்டும் தொலைபேசியை எடுக்கிறார். மின்சாரச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் பதிலே வருவதில்லை. ஊரில் இரு தரப்பிலும் தரகு வாங்குவது வழக்கம் என்பதால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொல்கிறார். கொடுக்கலாமா?

ஜோஹன்னஸ்பர்க் பெரியவர்

தம்பி, கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். இந்த நாட்டில் பழைய வீடுகள் பெரும்பாலும் ஃபூட்ஸ்டூட்ஸ் நிபந்தனையோடுதான் விற்கப்படுகின்றன. உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு, சுவர் வெடித்தாலும் கூரை ஒழுகினாலும் அது வாங்கியவர் பாடு. தரகு ஏழரை விழுக்காடு என்று சட்டமே நிர்ணயித்திருக்கிறது. அவர் அதில் மிச்சத்தைத்தான் உங்களிடம் கேட்கிறார் என்று நினைக்கிறேன். உள்ளூர் ஆளைப் பகைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுவது நல்லது.

பீனிக்ஸில் குடியிருப்பவள்

எனக்கும் இதே அனுபவம்தான் நேர்ந்தது. நாங்கள் வந்த புதிதில் பீனிக்ஸில் வாடகைக்கு எடுத்த வீட்டில் வெந்நீர்க் கலன் ஓயாமல் ஒழுகியது. மின்வெட்டு நேரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டை விடும்போது முன்பணத்தை முழுவதும் பிடித்துக்கொண்டார்கள். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. நீங்களும் அங்கேயே போங்கள். குடிபுகும் முன் உரிமையாளரோடு சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு, குறைகளை எழுதி வாங்கினீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

வெருலம்காரர்

அம்மா, அவர் வாடகைக்கு எடுக்கவில்லை, விலைக்கு வாங்கியிருக்கிறார். வாடகைத் தீர்ப்பாயம் இதைத் தொடாது.

ஆனாலும் எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. "வணக்கம் தம்பி, எங்கள் தாத்தாவும் உங்கள் பக்கம்தான்" என்று ஒருவர் சொன்னவுடன் நாம் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். முன்பின் தெரியாத தரகராக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்போம்.

ஜோஹன்னஸ்பர்க் பெரியவர்

வெருலம்காரர் சொல்வது உண்மை. நான் வந்த காலத்தில் கார் வாங்கித் தருவதாகச் சொன்ன நம்மவர் ஒருவர் முன்பணத்தோடு மறைந்துபோனார். அதிலிருந்து நம் ஆட்களிடம் கொடுக்கல் வாங்கலே வைத்துக்கொள்வதில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா

நான் சொத்து மாற்ற வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கேள்விக்குத் திரும்புவோம்.

பெரியவர் மன்னிக்க வேண்டும். தரகு விழுக்காட்டைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. அது விற்பவரும் தரகரும் பேசி முடிவு செய்வது, வழக்கமாக விற்பவர் தருவது. உதாரணமாக ஆறு விழுக்காடு என்று பேசியிருந்தால், 16 லட்சத்துக்கு 96,000 ராண்ட். அதன்மேல் 15 விழுக்காடு வாட் வரி 14,400. ஆக 1,10,400 ராண்ட். பத்திரப் பதிவு முடிந்ததும் வழக்கறிஞர் விற்பனைத் தொகையிலிருந்து இதைப் பிடித்துத் தரகு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார். அதன் பிறகு வாங்கியவரிடம் தனியாகக் கேட்பதற்கு, நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட ஏதாவதொரு வரி இருக்க வேண்டும்.

தம்பி, நீங்கள் மூன்று விஷயங்களைச் சொல்லவில்லை. பதிவு முடிந்துவிட்டதா? ஒப்பந்தத்தில் தரகு பற்றிய பிரிவில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஒப்பந்தத்தின் பின்னால், விற்பவர் கையெழுத்திட்ட குறைகள் அறிவிப்புப் படிவம் இணைக்கப்பட்டிருக்கிறதா? மூன்றாவதுதான் மிக முக்கியம்.

டர்பனுக்குப் புதியவன்

நன்றி அக்கா. பதிவு சென்ற மாதமே முடிந்துவிட்டது. தரகு விற்பவர் பொறுப்பு என்று மட்டுமே ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடைசியில் நீங்கள் சொல்லும் படிவம் இருக்கிறது. இன்றுதான் அதை முழுதாகப் படித்தேன். அடித்தளத்திலோ மனையிலோ விரிசல், கசிவு, புடைப்பு உண்டா என்ற வரிக்கு எதிரே, தனக்குத் தெரிந்து இல்லை என்று விற்றவர் குறித்திருக்கிறார். கூடுதல் கட்டுமானங்கள் உரிய அனுமதி பெற்ற பிறகே கட்டப்பட்டவை என்ற வரி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கீழே கையெழுத்து இருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா

அந்த வெற்று வரிதான் உங்கள் வழக்கின் பாதி. 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சொத்துத் தரகர் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, விற்பவர் முழுமையாக நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் கைக்கு வராமல் தரகர் விற்பனைப் பொறுப்பையே ஏற்கக் கூடாது. படிவம் நிரப்பப்படாமலோ இணைக்கப்படாமலோ இருந்தால், எந்தக் குறையும் வாங்கியவருக்கு அறிவிக்கப்படவில்லை என்றே ஒப்பந்தத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும். ஆகவே "வாய்மொழியாகச் சொன்னேன்" என்ற அவருடைய வாதம் எடுபடுவது கடினம். உண்மையிலேயே சொல்லியிருந்தால், அனுமதி இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும் என்றாகிறது. பிறகு ஏன் அந்த வரியை நிரப்ப வைக்கவில்லை என்ற கேள்வி அவர்மேல்தான் திரும்பும். இந்தக் கடமையில் தவறிய தரகரையே பொறுப்பாக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது.

சுவர் வேறு கதை. அங்கே விற்றவர் தெளிவாகப் பதில் எழுதியிருக்கிறார். ஃபூட்ஸ்டூட்ஸ் அவரைக் காப்பாற்றும். ஆனால் மறைந்திருந்த குறையை அறிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று நிறுவினால் காப்பாற்றாது. நிறுவும் சுமை உங்களுடையது. புதுப்பூச்சு சந்தேகத்தைத்தான் தரும், சாட்சியமாகாது. பூசிய கொத்தனார், பக்கத்து வீட்டார், பழைய படங்கள், முந்தைய காப்பீட்டுக் கோரிக்கை ஆகியவற்றில் ஏதாவதொன்று, விரிசல் முன்பே இருந்ததைக் காட்ட வேண்டும். அதனால் அவசரப்பட்டு மறுபடி பூசிவிடாதீர்கள். முதலில் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து, விரிசல் பழையதா புதியதா, பூச்சுக்கு அடியில் முன்பு அடைத்த தடம் இருக்கிறதா, சுவரின் நீர்வடி துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சுவர் சரியும் நிலையில் இருந்தால் முட்டுக் கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். படம் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் பெரியவர்

தரகு விழுக்காடு பற்றி அம்மா சொன்னதை ஏற்கிறேன். அந்த அறை விஷயத்தில் மட்டும் அவ்வளவு நம்பிக்கை தர வேண்டாம். அனுமதியில்லாத கட்டடமும் மறைந்த குறைதான், அதற்கும் ஃபூட்ஸ்டூட்ஸ் பொருந்தும் என்று 2008இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒடெண்டால் வழக்கில் சொல்லியிருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது இந்தப் படிவம் பற்றிய பிரிவு இல்லை. வெறுமையாக விட்ட வரி விற்றவரின் பாதுகாப்பை எவ்வளவு தூரம் குறைக்கும் என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரு கருத்து உண்டு. தரகர்மீதான புகார் அதைவிட வலுவானது என்பது என் எண்ணம்.

பீனிக்ஸில் குடியிருப்பவள்

அப்படியானால் வெள்ளிக்கிழமை அந்த 24,000 ராண்டுக்கு என்ன செய்வது? அதைத்தானே அவர் முதலில் கேட்டார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா

கொடுக்க வேண்டாம், தொலைபேசியில் வாதாடவும் வேண்டாம். மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள்: ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி இத்தொகை கேட்கப்படுகிறது என்பதைக் காட்டவும், நிறுவனத்தின் பெயரில் வாட் எண்ணுடன் விலைச்சீட்டு அனுப்பவும், விற்பனை நாளில் தங்களுக்கும் நிறுவனத்துக்கும் தரகுத் தொழிலுக்குத் தேவையான, செல்லுபடியான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருந்ததற்கான நகலை இணைக்கவும். அந்தச் சான்றிதழ் இல்லாத தரகருக்கு எந்தக் கமிஷனும் பெற உரிமை இல்லை. ரொக்கமாகக் கேட்கிறார் என்றால் நிறுவனத்துக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஆகவே கடிதத்தின் நகலை அவருடைய மேலாளருக்கும் அனுப்புங்கள். அவர் பதில் எதுவானாலும், அது எழுத்தில் இருக்கும்.

மின்சாரச் சான்றிதழுக்காகத் தரகரைத் துரத்த வேண்டியதில்லை. பதிவுக்கு முன் அது சொத்து மாற்ற வழக்கறிஞரின் கோப்புக்கு வந்திருக்க வேண்டும்; அவர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள், இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதல்ல என்பதையும் அந்தத் தனி அறையும் அதில் அடங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஆனால் சுவர் விஷயத்தில் அவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். கட்டணத்தை நீங்கள் செலுத்தியிருந்தாலும் அவரை நியமித்தவர் வழக்கமாக விற்றவர்தான். அதற்கு உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வேண்டும்.

வெருலம்காரர்

சொத்துத் தரகர்களுக்கான ஒழுங்குமுறை ஆணையத்தில் உடனே புகார் கொடுத்துவிட்டால் ஆள் தானாக இறங்கி வருவார் என்பது என் கருத்து. பொறியாளர், கடிதம் என்று காத்திருப்பது அவருக்குத்தான் சாதகம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா

புகார் கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் ஆணையம் தரகரின் நடத்தையைத்தான் விசாரிக்கும். விற்றவரிடமிருந்து சுவருக்கான செலவை வாங்கித் தருவது அதன் வேலை அல்ல. விற்றவர்மீதான கோரிக்கைக்குக் குறை தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு உண்டு. ஆகவே பொறியாளர் அறிக்கைக்கு இரண்டு வாரம் காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. அறிக்கையோடு போகும் புகார் கனமாக இருக்கும்.

டர்பனுக்குப் புதியவன்

மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன், நிறுவனத்துக்கும் நகல் போயிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அவரே அழைத்து, "நான் கட்டாயப்படுத்தவில்லையே, அன்பளிப்பாகத்தானே கேட்டேன்" என்றார். அதையும் எழுத்தில் அனுப்புமாறு கேட்டிருக்கிறேன், இதுவரை வரவில்லை. பொறியாளர் திங்கட்கிழமை வருகிறார். பக்கத்து வீட்டு அம்மா, சென்ற ஆண்டும் அந்தச் சுவரில் ஆட்கள் வேலை செய்ததாகச் சொல்கிறார். எழுதித் தரத் தயங்குகிறார். அவரை எப்படிக் கேட்பது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.