மின்னியது எண்ணெய் இல்லை, தோல் தேய்ந்திருந்தது

துரைப்பாக்கம்காரி:
மே மாதம் கன்னம் கண்ணாடி மாதிரி மின்னியது. வெயிலில் எண்ணெய் வழிகிறது என்று நினைத்து, வாரம் இரண்டு ராத்திரி போட்ட கிளைகாலிக் ஆசிடைத் தினமும் போட ஆரம்பித்தேன். அதன் மேலேயே ரெட்டினால், காலையில் வைட்டமின் சி. மூன்றாவது வாரம் முகம் கழுவிவிட்டுச் சிரித்தால் தோல் இழுத்துப் பிடித்தது. பல வருடமாகப் போடும் சாதாரண மாய்ஸ்சரைசரே மிளகாய்க் கை பட்ட மாதிரி எரிந்தது. டிஷ்யூவை ஒற்றிப் பார்த்தேன், எண்ணெய்க் கறையே இல்லை. அப்போதுதான் உறைத்தது.

பெரம்பூர் ராணி:
இது பர்ஜிங்தான், உள்ளே இருக்கிற அழுக்கும் பருவும் வெளியே வருகிறது, விடாமல் போடுங்கள். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கிவிடும்.

அடையாறு அக்கா:
எண்ணெய் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், அதுவரை சரி. ஆனால் பர்ஜிங் என்றால் வழக்கமாகப் பரு வருகிற இடத்தில் பரு வரும். முகம் முழுக்க எரிச்சலும் இறுக்கமும் பர்ஜிங் இல்லை. மேல் தோல் தேய்ந்து, கால் பட்டு வழவழத்த படிக்கல் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. ஆசிட், ரெட்டினால், வைட்டமின் சி, ஸ்க்ரப் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீர், ராத்திரி மட்டும் நுரை குறைந்த கிளென்சர். முகம் ஈரமாக இருக்கும்போதே செராமைடும் கிளிசரினும் உள்ள கிரீம். பகலில் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், அதுதான் குறைவாக எரியும். கொஞ்சம் தேறியதும் பழையதைத் தொடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

தாம்பரம் தம்பி:
எனக்கும் இதே பளபளப்பு. மெடிக்கலில் கொடுத்த வெள்ளையாக்கும் கிரீமை நான்கு மாதம் போட்டேன். ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து கொதிக்கிறது. நானும் நிறுத்திவிட்டு செராமைடு போடவா?

அடையாறு அக்கா:
தம்பி, உங்கள் கதை வேறு. டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், கிளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், எப்படி விடுவது என்று அவர் சொல்லட்டும்.

துரைப்பாக்கம்காரி:
அக்கா சொன்னபடியே செய்தேன். ஐந்தாம் நாள் கிரீம் எரியவில்லை. இரண்டு வாரத்தில் இறுக்கம் போனது, ஆபீஸ் ஏசியில் மட்டும் மாலையில் லேசாக வரும். மினுமினுப்பு மங்க ஐந்து வாரம் ஆனது. ஆறாம் வாரம் ரெட்டினாலை மட்டும், வாரம் ஒரு ராத்திரி, கிரீமுக்கு மேல் போட்டேன். இதுவரை எரிச்சல் இல்லை. ஆசிட் பாட்டிலைத் தங்கையிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை.

நடுவில் சீக்கிரம் ஆறட்டும் என்று முகம் முழுக்க வாஸ்லின் பூசினேன். நம் ஊர் புழுக்கத்தில் நான்கே நாளில் நெற்றியில் குட்டிக் குட்டியாக அரிக்கும் பொரி. இப்போது உதட்டோரம், மூக்கோரம் மட்டும்தான். ஆனால் அந்தப் பொரி இன்னும் முழுதாகப் போகவில்லை. வாஸ்லின்தானா, போர் தண்ணீரா?

அடையாறு அக்கா:
அரிப்பு என்றால் பூஞ்சையாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது.