அனாமத்துக் கணக்கில் 600 ரூபாய்: எப்படி முடிப்பது?

வணக்கம். உறவினர் ஒருவரின் ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். தனிநபர் வியாபாரம், இன்னும் கைப்பேரேடுதான். போன வருட இருப்பாய்வில் வரவுப் பக்கம் 600 ரூபாய் கூடுதலாக இருந்திருக்கிறது. முன்பு எழுதியவர் அதை அனாமத்துக் கணக்கில் பற்று வைத்துச் சமப்படுத்திவிட்டுப் போய்விட்டார்.

வித்தியாசத்தில் பாதியைத் தேடு என்பார்களே, அதன்படி 300 ரூபாய் பதிவுகளைப் புரட்டியதில் விஷயம் பிடிபட்டது. 11,800 ரூபாய் தர வேண்டிய வாடிக்கையாளர் 11,500 ரொக்கமாகத் தந்திருக்கிறார், 300 தள்ளுபடி. குறிப்பேட்டில் சரியாகவே இருக்கிறது: ரொக்கம் 11,500 பற்று, அளித்த தள்ளுபடி 300 பற்று, வாடிக்கையாளர் 11,800 வரவு. பேரேட்டுக்கு எடுத்து எழுதும்போது தள்ளுபடி மட்டும் வரவுப் பக்கம் போய்விட்டது. பற்றில் 300 குறைவு, வரவில் 300 அதிகம், ஆக 600.

அதே வருடமாக இருந்தால் தள்ளுபடியை 600 பற்று வைத்து அனாமத்தை 600 வரவு வைத்தால் முடிந்தது. (300 போதாது, தவறான பக்கத்தில் எழுதியதை நீக்கவே அது தீர்ந்துவிடும்.) ஆனால் அந்த வருடக் கணக்கு முடித்தாகிவிட்டது, லாபமும் 600 கூடுதலாக உரிமையாளரின் முதல் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இப்போது பற்றை எங்கே வைப்பது? இந்த வருடத் தள்ளுபடியில் ஏற்றினால் இந்த வருட லாபம் குறையும். நேராக முதல் கணக்கில் வைக்கலாமா, இல்லை லாப நட்டச் சரிக்கட்டல் கணக்கு வழியாகவா? வருமான வரிக் கணக்கும் தாக்கல் ஆகிவிட்டது. நடைமுறையில் எப்படி எழுதுகிறீர்கள்?