ஓட்டை இல்லாத ஸ்கிரீனா, நல்ல செல்ஃபியா?

அல்சூர் வாசி: எஸ்.பி. ரோட்ல செகண்ட் ஹேண்ட்ல ஒன்பிளஸ் 7 ப்ரோவும் சாம்சங் ஃபோல்ட் 3-உம் பார்த்து வெச்சிருக்கேன். ஸ்கிரீன்ல செல்ஃபி கேமராவுக்கான ஓட்டை கூடாது. வீடியோ கால் நிறைய உண்டு. எது தேவலாம்?

மடிவாளா மணி: ஒன்பிளஸ்ல மேலே எழும்பி வர்ற பாப்-அப் கேமராதான். 3 லட்சம் தடவை ஏறி இறங்கும்னு கம்பெனியே சொன்னது. நாளைக்கு 150 தடவைன்னாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல வரும். கீழே விழுந்தா தானா உள்ளே போயிடும்.

பனசங்கரி பாலா: மணி, கணக்கு சரி. ஆனா மோட்டார் தேயறதுக்கு முன்னாடி தூசி வேலையைக் காட்டிடும். பேன்ட் பாக்கெட் பஞ்சும் ரோட்டு மண்ணும் அந்தச் சந்துல இறங்கி அடைச்சுக்கும். விழும்போதும் நேரம் கம்மி: ஒரு மீட்டர்ல இருந்து தரைக்கு வர அரை நொடி கூட ஆகாது. மேசையில இருந்து நழுவினா கேமரா பாதி வெளியிலேயே இருக்கும்.

கடையிலேயே பத்து தடவை ஏத்தி இறக்கிப் பாருங்க. சத்தம் ஒரே சீரா இருக்கணும். நடுவுல திக்கினாலோ, மேலே வந்ததும் விரலால தொட்டா ஆடினாலோ வேண்டாம். ஆயில் ஸ்ப்ரே அடிச்சா சரியாகும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. எண்ணெயில மண் இன்னும் ஒட்டும், லென்ஸும் மங்கிடும். காஞ்ச மெல்லிய பிரஷ் போதும்.

கே.ஆர். புரம் ரவி: டிஸ்பிளேக்கு அடியில இருக்கறதெல்லாம் டெம்பர்ட் ஒட்டினா வேலை செய்யாது. என் போன்ல ரேகையே எடுக்கல.

பனசங்கரி பாலா: அது ரேகை சென்சார், ரவி. இங்க பேச்சு கேமரா.

ஃபோல்ட் 3-ல டிஸ்பிளேக்கு அடியில இருக்கற உள்பக்கக் கேமரா வெறும் 4 மெகாபிக்சல். பிக்சல்களுக்கு நடுவுல இருக்கற இடுக்கு வழியாத்தான் வெளிச்சம் லென்ஸுக்குப் போகணும். அதுல நிறைய தடைபடும், மிச்சம் சிதறும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னு ஒரு செல்ஃபி எடுங்க. அதே இடத்துல வெளிப்பக்க 10 மெகாபிக்சல்லயும் எடுங்க. முதல் படத்துல முகத்து மேல பால் ஊத்தின மாதிரி வெள்ளைப் படலம் தெரியும், ட்யூப்லைட்டைச் சுத்தி கீத்து கீத்தா ஒளி பரவும். வெள்ளைப் பக்கம் திறந்தா கேமரா இருக்கற இடம் வலை மாதிரி வேற தெரியும். சாம்சங்கே 2025-ல ஃபோல்ட் 7-க்கு ஓட்டைக்குத் திரும்பிடுச்சு.

மடிவாளா மணி: அப்போ ஓட்டையே சரிங்கறீங்களா? ஸ்கிரீன் போச்சே!

பனசங்கரி பாலா: 4 மில்லிமீட்டர் ஓட்டை, 6.5 இன்ச் ஸ்கிரீன்ல சுமாரா ஆயிரத்துல ஒரு பங்கு. சாதாரண 16:9 வீடியோவுல அது ஓரத்துக் கறுப்புப் பட்டைக்குள்ள மறைஞ்சிடும்.

அல்சூர் வாசி: வீடியோவுல மறையும், சரி. கேம்ல? கட்டைவிரல் வைக்கற மூலையிலயே கண்ணு போகுது.

மடிவாளா மணி: அதானே. பங்கு கணக்கு போட்டா கண்ணு கேட்குமா?

பனசங்கரி பாலா: கேம்தான் முக்கியம்னா பாப்-அப் எடுங்க, ஃபேஸ் அன்லாக்கை மட்டும் அணைச்சுடுங்க. பூட்டு திறக்கறப்பல்லாம் மேலே ஏற வேண்டாம். ஃபோல்ட் எடுத்தா கால் பேச வெளிப்பக்கக் கேமராதான்.