டார்ச் ஆப் காண்டாக்ட்ஸும் லொகேஷனும் கேட்டது: நீங்கள் எதை மறுத்தீர்கள்?

தஞ்சை வாசகி: அம்மா போனில் யாரோ ஒரு டார்ச் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திறந்ததுமே காண்டாக்ட்ஸ், லொகேஷன், கேமரா மூன்றையும் வரிசையாகக் கேட்டது. முதல் இரண்டையும் மறுத்தேன், விளக்கு எரிந்தது. கேமராவை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அனுபவம் எப்படி?

மதுரைக்காரன்: கேமராவை மறுக்க முடியாதுங்க, ஃபிளாஷ் அதோடு சேர்ந்ததுதானே. லொகேஷனை மட்டும் எந்த ஆப்புக்கும் கொடுக்காதீர்கள். என் போனில் எல்லாவற்றுக்கும் ஆஃப்தான்.

ஆப் எழுதுபவன்: கேமரா பற்றி அண்ணன் சொல்வது பழைய போன்களுக்குச் சரி. அப்போது ஃபிளாஷை எரிக்கக் கேமராவையே திறந்தாக வேண்டும். 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது `setTorchMode` என்று தனி வழி கொடுத்தார்கள், அதற்குக் கேமரா அனுமதியே வேண்டாம். நான் சோதிப்பது இப்படி: செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெர்மிஷன் பக்கத்துக்குப் போய்க் கேமராவை மறுத்து, ஆப்பை முழுசாக மூடித் திறப்பேன். எரிந்தால் வீணாகக் கேட்டிருக்கிறது. எரியவில்லையென்றால் பழைய முறையில் எழுதியது, அதை நீக்கிவிடுவேன். திரையை மேலிருந்து இழுத்தாலே பெரும்பாலான போன்களில் டார்ச் இருக்கிறதே.

ஒன்று கவனியுங்கள். இன்டர்நெட்டுக்கு ஆண்ட்ராய்டு உங்களிடம் அனுமதி கேட்பதே இல்லை. காண்டாக்ட்ஸை மறுத்தாலும் விளம்பரக் கம்பெனியோடு ஆப் பேசிக்கொண்டுதான் இருக்கும். 2013-ல் அமெரிக்க வணிக ஆணையம் 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' ஆப் மீது நடவடிக்கை எடுத்தது. இருப்பிடத்தையும் போனின் அடையாள எண்ணையும் விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்தது என்பது புகார். ஒப்பந்தத் திரையில் சம்மதம், மறுப்பு எதையும் அழுத்தும் முன்பே தகவல் போகத் தொடங்கிவிட்டதாம். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

திருப்பூர் அக்கா: தம்பி, எல்லாவற்றுக்கும் லொகேஷன் ஆஃப் என்றால் என் கைப்பட்டை போனோடு சேரவே மாட்டேன் என்றது. ஆண்ட்ராய்டு 11 போன். அனுமதி கொடுத்ததும் உடனே கண்டுபிடித்தது.

ஆப் எழுதுபவன்: ஆமாம் அக்கா. ஆண்ட்ராய்டு 11 வரை புளூடூத்தில் பக்கத்துக் கருவியைத் தேடவே லொகேஷன் வேண்டும். 12-லிருந்து 'பக்கத்துச் சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது, ஆனால் ஆப்பும் அதற்கு மாறியிருக்க வேண்டும். உங்கள் போனில் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுங்கள்.

நெல்லை ராசா: என் யுபிஐ ஆப் எஸ்எம்எஸ் கேட்டது, மறுத்தேன், பேங்க் கணக்கையே சேர்க்க முடியவில்லை. அப்போ அதுவும் திருட்டு ஆப்தானே?

ஆப் எழுதுபவன்: இல்லை ராசா. உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரை உறுதி செய்கிறது. டார்ச்சுக்கு அப்படி ஒரு வேலையும் கிடையாது.

தஞ்சை வாசகி: கேமராவையும் மறுத்துப் பார்த்தேன், எரிகிறது! ஆப்பையே நீக்கிவிட்டேன். ஆனால் அம்மாவின் பழைய போனிலும் இதே ஆப்தான் இருந்தது. அதில் எல்லாவற்றுக்கும் சரி கொடுத்திருக்கிறார்கள். அப்போதே போன நம்பர்களை அழிக்கச் சொல்லி யாரிடமாவது கேட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

மதுரைக்காரன்: நான் ஒரு ஆப்காரருக்கு மெயில் போட்டேன். இதுவரை பதில் இல்லை.